நான்காவது கூற்றை நீக்குவதா, திருப்புவதா? ஆல்பா 0.48 வந்த ஒரு கேள்வித்தாள்

கேள்வி: “கருத்தாய்வுப் பகுப்பாய்வு அசைன்மென்ட்டுக்காகப் பணி அழுத்தத்தை அளக்கும் ஆறு கூற்றுகளுக்கு 120 பேரிடம் ஐந்து புள்ளி அளவில் பதில் வாங்கினேன். SPSS-இல் க்ரான்பாக் ஆல்பா 0.48 வந்தது. ‘என் வேலையைப் பதற்றமில்லாமல் முடிக்கப் போதிய நேரம் கிடைக்கிறது’ என்ற நான்காவது கூற்றை நீக்கினால் 0.77 ஆகும் என்று அட்டவணை காட்டுகிறது. நீக்கிவிடலாமா? 0.7-ஐத் தாண்டினால் கேள்வித்தாள் நம்பகமானது என்று எழுதலாமா?”

நீக்க வேண்டாம். அந்தக் கூற்றின் மதிப்பெண்களைத் திருப்பிவிட்டு ஆல்பாவை மறுபடி கணக்கிடுங்கள். இதை உங்கள் அட்டவணையைப் பார்த்துச் சொல்லவில்லை, கூற்றின் வாசகத்தைப் பார்த்தே சொல்கிறேன். அழுத்தத்தில் இருப்பவர் மற்ற ஐந்து கூற்றுகளுக்கும் ‘முற்றிலும் ஏற்கிறேன்’ என்று 5 போடுவார். போதிய நேரம் கிடைக்கிறது என்ற கூற்றுக்கு மட்டும் 1 போடுவார். அவர் முரண்படவில்லை, ஒரே செய்தியைத்தான் இரண்டு திசைகளில் சொல்கிறார். மென்பொருளோ வாசகத்தைப் படிப்பதில்லை. அதன் கண்ணில் ஐந்து எண்கள் சேர்ந்து ஏறும்போது ஒரு எண் மட்டும் இறங்குகிறது, ஆகவே அது பொருந்தாத கூற்று என்று காட்டுகிறது. மாணவர்களின் ஆய்வேடுகளைப் பல ஆண்டுகளாகத் திருத்தி வருகிறேன். குறைந்த ஆல்பாவோடு வருபவற்றில் நான் முதலில் தேடுவது இந்த ஒன்றைத்தான்.

எங்கே பிழை நுழைகிறது என்று புரிய வேண்டுமானால், ஆல்பா எதை எதோடு ஒப்பிடுகிறது என்று தெரிய வேண்டும். சூத்திரம் இதுதான்:

```
α = k/(k−1) × (1 − Σs²ᵢ / s²ₓ)
```

இதில் k என்பது கூற்றுகளின் எண்ணிக்கை. Σs²ᵢ என்பது ஒவ்வொரு கூற்றின் பரவற்படியையும் தனித்தனியாகக் கண்டு கூட்டிய தொகை. பரவற்படி என்பதை வகுப்பில் வேரியன்ஸ் என்றே சொல்லியிருப்பார்கள். s²ₓ என்பது ஒவ்வொருவருக்கும் ஆறு மதிப்பெண்களையும் கூட்டி வரும் மொத்த மதிப்பெண்ணின் பரவற்படி. கூற்றுகளுக்குள் எந்த உறவும் இல்லாவிட்டால் இந்த இரண்டும் சமமாக இருக்கும், ஆல்பா சுழியமாகிவிடும். கூற்றுகள் சேர்ந்து ஏறி இறங்கினால், ஒன்றில் அதிகம் பெற்றவர் மற்றவற்றிலும் அதிகம் பெறுவார். அப்போது மொத்த மதிப்பெண்கள் இரு பக்கமும் அகலப் பரவி, s²ₓ தனித்தனிப் பரவற்படிகளின் தொகையை விட மிகப் பெரிதாகிவிடும். அந்த உபரியைத்தான் நாம் உள் ஒத்திசைவு என்கிறோம். எதிர்த்திசையில் நிற்கும் ஒரு கூற்று அந்த உபரியைக் கூட்டுவதற்குப் பதில் கழித்துவிடுகிறது.

இதைக் கையால் போட்டுப் பார்க்கலாம். உங்கள் தரவு என்னிடம் இல்லாததால் கணக்கு எளிதாக இருக்கும்படி ஒரு கற்பனைத் தரவை எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு கூற்றின் பரவற்படியும் 1. நேர்த்திசையில் உள்ள ஐந்து கூற்றுகளில் எந்த இரண்டை எடுத்தாலும் ஒட்டுறவு, அதாவது கோரிலேஷன், 0.4; நான்காவது கூற்றுக்கும் மற்ற ஒவ்வொன்றுக்கும் இடையே −0.4. பரவற்படி 1 என்பதால் ஒட்டுறவும், வகுப்பில் கோவேரியன்ஸ் என்று சொல்லும் உடன்மாறுபாடும் ஒரே எண்ணாக இருக்கும். மொத்தத்தின் பரவற்படியைக் காண, ஆறு பரவற்படிகளோடு ஒவ்வொரு ஜோடியின் உடன்மாறுபாட்டையும் இரண்டு முறை சேர்க்க வேண்டும். நேர்த்திசை ஐந்துக்குள் 10 ஜோடிகள் உள்ளன, அவை 2 × 10 × 0.4 = 8 தருகின்றன. நான்காவது கூற்று சேரும் ஜோடிகள் 5, அவை 2 × 5 × (−0.4) = −4 தருகின்றன. ஆக மொத்தப் பரவற்படி 6 + 8 − 4 = 10. ஆல்பா 1.2 × (1 − 6/10) = 0.48.

இப்போது நான்காவதை நீக்கிவிட்டால் மிஞ்சும் ஐந்து கூற்றுகளின் மொத்தப் பரவற்படி 5 + 8 = 13; ஆல்பா 1.25 × (1 − 5/13), அதாவது 0.77. நீக்காமல் திருப்பினால் −4 அப்படியே +4 ஆகிவிடும். மொத்தம் 18, ஆல்பா 1.2 × (1 − 6/18) = 0.80. நீங்கள் சொன்ன இரண்டு எண்களும் இந்தக் கற்பனைத் தரவில் அப்படியே வந்துவிட்டன. உங்கள் உண்மைத் தரவில் எல்லா ஒட்டுறவும் இப்படி ஒரே சீராக இருக்காது, எனவே திருப்பிய பிறகு சரியாக 0.80 வரும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் நான்காவது கூற்று மற்றவற்றோடு உண்மையிலேயே எதிர்த்திசையில் ஓரளவு உறவு கொண்டிருந்தால் 0.77-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ வரும் என்று எதிர்பார்க்கலாம்.

0.77-க்கும் 0.80-க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே, நீக்கினால் என்ன என்று தோன்றலாம். நஷ்டம் எண்ணில் இல்லை, அளக்கும் பொருளில் இருக்கிறது. நேரப் பற்றாக்குறை பணி அழுத்தத்தின் ஒரு முக்கியக் கூறு. உங்கள் ஆறு கூற்றுகளில் அதை நேரடியாகத் தொடுவது இந்த ஒன்றுதான் என்றால், அதை எடுத்தபின் மிஞ்சுவது அழுத்தத்தின் இன்னொரு பகுதியை மட்டுமே அளக்கும். தலைப்பு மட்டும் பழையபடி ‘பணி அழுத்தம்’ என்று நிற்கும். ஏற்கெனவே வெளியான ஓர் அளவுகோலை நீங்கள் எடுத்தாண்டிருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. ஒரு கூற்றை வெட்டிய பிறகு உங்கள் சராசரியை மற்ற ஆய்வுகளின் சராசரியோடு ஒப்பிட முடியாது. தேர்வாளர் வினாப்பட்டியலை எடுத்து வைத்து, எதிர்த்திசையில் இருந்த கூற்று ஏன் காணாமல் போனது என்று கேட்டால், அட்டவணை சொன்னது என்பதைத் தவிர உங்களிடம் பதில் இருக்காது.

திருப்புவது எளிய வேலைதான். 1 முதல் 5 வரையிலான அளவில், பழைய மதிப்பெண்ணை 6-இலிருந்து கழித்தால் 5 என்பது 1 ஆகும், 4 என்பது 2 ஆகும், 3 அப்படியே இருக்கும். ஏழு புள்ளி அளவென்றால் 8-இலிருந்து கழிக்க வேண்டும். SPSS-இன் சின்டாக்ஸ் சாளரத்தில் இதை ஓட்டுங்கள். உங்கள் மாறிகளின் பெயர் வேறாக இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

```
COMPUTE q4r = 6 - q4.
EXECUTE.
RELIABILITY
  /VARIABLES=q1 q2 q3 q4r q5 q6
  /SCALE('stress') ALL
  /MODEL=ALPHA
  /STATISTICS=DESCRIPTIVE CORR
  /SUMMARY=TOTAL.
```

பழைய q4-ஐ மாற்றாமல் q4r என்று புதிய மாறி உருவாக்கியிருப்பதைக் கவனியுங்கள். இதற்குப் பின்னால் என் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. ஆரம்பக் காலத்தில் ஒரு திட்டப்பணியில் மதிப்பெண்ணை அதே மாறியின் மேலேயே திருப்பி எழுதினேன். மறுநாள் எங்கே விட்டேன் என்று நினைவில்லாமல் அதே கட்டளையை இன்னொரு முறை ஓட்டிவிட்டேன். இரண்டு முறை திருப்பினால் பழைய நிலைக்கே வந்துவிடும் அல்லவா? ஆல்பா மறுபடி சரிந்ததும், தரவு உள்ளிட்டவர் மீது சந்தேகப்பட்டு, நிரப்பிய படிவங்களைக் கட்டுக் கட்டாக எடுத்து இரண்டு நாள் சரிபார்த்தேன். புதிய மாறி வைத்தால் எத்தனை முறை ஓட்டினாலும் விடை ஒன்றுதான்.

இன்னொரு பொறி, பதில் தராதவர்களுக்கு 99 என்று போட்டு வைக்கும் வழக்கம். அந்த 99 விடுபட்ட மதிப்பு என்று மென்பொருளுக்கு அறிவிக்கப்படாமல் இருந்தால், 6 − 99 = −93 என்று ஒரு மதிப்பெண் உள்ளே புகுந்துவிடும். அப்படிப்பட்ட இரண்டு மூன்று பதில்கள் போதும், ஆல்பாவுக்குப் பொருளே இல்லாமல் போக. திருப்பியதும் q4r-இன் மிகக் குறைந்த மதிப்பும் மிக உயர்ந்த மதிப்பும் 1-க்கும் 5-க்கும் உள்ளே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அடுத்த அடி வையுங்கள். ஆல்பா கணக்கில் ஆறு கூற்றுகளில் ஒன்றைத் தவறவிட்டவரும் முழுமையாக வெளியேற்றப்படுவார் என்பதால், வெளியீட்டின் முதல் அட்டவணையில் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 120 என்று எழுதிவிட்டு 103 பேரின் ஆல்பாவைத் தருவது தவறு.

திருப்பியது பலித்ததா என்பதை ஆல்பாவை விடத் தெளிவாகக் காட்டும் நெடுவரிசை Corrected Item-Total Correlation. ஒரு கூற்றுக்கும் அதைத் தவிர்த்த மற்றவற்றின் கூட்டுத்தொகைக்கும் உள்ள ஒட்டுறவு அது. என் கற்பனைத் தரவில் நான்காவது கூற்றுக்குத் திருப்புவதற்கு முன் −0.55, திருப்பிய பின் +0.55. அதோடு மற்ற ஐந்தின் மதிப்பும் 0.47-இலிருந்து 0.55-க்கு ஏறுகிறது, ஏனென்றால் அவற்றின் கூட்டுத்தொகையைக் கெடுத்துக்கொண்டிருந்த எதிர்க்குறி போய்விட்டது. உங்கள் அட்டவணையிலும் முதலில் அந்த நெடுவரிசையைத்தான் பாருங்கள். நான்காவதற்கு எதிரில் தெளிவான எதிர்மறை எண் நின்றால் விஷயம் முடிந்தது.

அங்கே −0.08 போலச் சுழியத்தை ஒட்டிய எண் நின்றால் நான் இவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். திருப்பினால் அது +0.08 ஆகும், அவ்வளவுதான். ஆல்பா பெரிதாக ஏறாது. அப்போது இரண்டு காரணங்களைத் தேட வேண்டும். ஒன்று, படிக்காமலே எல்லாவற்றுக்கும் ஒரே கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டே போனவர்கள். ஆறு கூற்றுக்கும் 5 போட்டவர் அழுத்தத்தில் இருக்கிறேன் என்றும் நிதானமாக வேலை செய்ய நேரம் இருக்கிறது என்றும் ஒரே மூச்சில் சொல்கிறார். அப்படிப்பட்டவர்கள் எதிர்மறை ஒட்டுறவைச் சுழியத்தை நோக்கி இழுத்துவிடுவார்கள். திருப்புவதற்கு முந்தைய தரவில் ஆறு பதில்களும் 5 ஆகவோ 1 ஆகவோ இருக்கும் வரிசைகளை எண்ணிப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் 3 போட்டவரைப் பற்றி மட்டும் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது, அவருக்கு உண்மையிலேயே நடுநிலை இருக்கலாம்.

இரண்டாவது காரணம் வாசகம். ‘நேரம் போதவில்லை என்று நான் உணர்வதில்லை’ என்பது போல இரண்டு எதிர்மறை சேர்ந்த வாக்கியத்துக்கு ‘மறுக்கிறேன்’ என்று பதில் சொன்னால் அது மூன்றாவது எதிர்மறையாகிறது. படித்தவர்கள்கூட எந்தப் பக்கம் டிக் அடிப்பது என்று தடுமாறுவார்கள். மொழிபெயர்த்த கேள்வித்தாள்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் நான்காவது கூற்று நேர்வாக்கியமாக இருப்பதால் அந்தக் குழப்பம் இங்கே இருக்க வாய்ப்புக் குறைவு. வாசகமே குழப்பம் என்று தெரிந்தால் மட்டும் நீக்குவதற்கு ஒரு நியாயம் பிறக்கிறது, அந்த நியாயத்தை எழுத்தில் சொல்லவும் முடியும்.

இனி 0.7. இந்தக் கெழுவுக்கு ஆல்பா என்று பெயரிட்டு லீ க்ரான்பாக் 1951-இல் கட்டுரை எழுதினார். சரி, தவறு என்று இரண்டே விடை உள்ள வினாக்களுக்கு இதே கணக்கைக் கூடரும் ரிச்சர்ட்சனும் 1937-இலேயே கொடுத்திருந்தார்கள். பொதுவான வடிவத்தைக் கட்மன் 1945-இல் தந்துவிட்டார். பெயர் மட்டும் க்ரான்பாக்கோடு ஒட்டிக்கொண்டது. 0.7 என்ற எல்லைக்கோடு சூத்திரத்திலிருந்து பிறந்தது அல்ல. அதற்குப் பெரும்பாலும் ஜம் நன்னலியின் 1978-ஆம் ஆண்டுப் பாடநூலைக் காட்டுவார்கள். அவர் அங்கே 0.70-ஐப் பரிந்துரைத்தது ஆய்வின் தொடக்க நிலைக்கு. அடிப்படை ஆய்வுக்கு 0.80 என்றார், ஒரு தனி மனிதரைப் பற்றி முடிவெடுக்கும் தேர்வுகளுக்கு 0.90 என்பதையே குறைந்தபட்சமாக வைத்தார். ஓர் அசைன்மென்ட்டில் குழுச் சராசரிகளை ஒப்பிடுவதற்கு 0.77-ஓ 0.80-ஓ போதும் என்பது என் கருத்து. அதே அளவுகோலை வைத்து ஒருவரை அழுத்தத்தில் இருப்பவர் என்று முத்திரை குத்துவதற்குப் போதாது.

நீங்கள் எழுத நினைக்கும் ‘கேள்வித்தாள் நம்பகமானது’ என்ற வாக்கியத்தில் இரண்டு சறுக்கல்கள் இருக்கின்றன. முதலாவது, ஆல்பா கேள்வித்தாளுக்கு உரியது அல்ல. ஒரு பொருளை அளக்கும் ஒரு கூற்றுத் தொகுதிக்கு, இந்த 120 பேரின் பதில்களில் கிடைத்த எண் அது. உங்கள் படிவத்தில் பணி அழுத்தத்தோடு பணித் திருப்திக்கும் ஒரு பகுதி இருந்தால் அதற்குத் தனி ஆல்பா. வயது, பாலினம், அனுபவ ஆண்டுகள் ஆகியவற்றையும் சேர்த்து எல்லா மாறிகளுக்கும் ஒரே ஆல்பா போட்ட அசைன்மென்ட்டுகளும் என் மேசைக்கு வந்திருக்கின்றன. அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது.

இரண்டாவது சறுக்கல்தான் ஆழமானது. உயர்ந்த ஆல்பா வந்தால் எல்லாக் கூற்றுகளும் ஒரே பொருளை அளக்கின்றன என்று நிரூபணமாகிவிட்டதாகப் பலர் எழுதுகிறார்கள். பத்துக் கூற்றுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஐந்து பணி அழுத்தத்தைப் பற்றியவை, ஐந்து முற்றிலும் தொடர்பில்லாத வேறொன்றைப் பற்றியவை. ஒவ்வொரு குழுவுக்குள்ளும் ஒட்டுறவு 0.6, குழுக்களுக்கு இடையே சுழியம். குழுவுக்குள் 10 ஜோடிகள் வீதம் 20 ஜோடிகள். மொத்தப் பரவற்படி 10 + 2 × 20 × 0.6 = 34. ஆல்பா (10/9) × (1 − 10/34), அதாவது 0.78. ஒன்றுக்கொன்று துளியும் உறவில்லாத இரண்டு பொருள்களைக் கூட்டிவைத்தும் 0.7-ஐத் தாண்டிவிட்டோம். கூற்றுகளின் எண்ணிக்கையும் இதே போல ஆல்பாவைத் தூக்கிவிடும். சராசரி ஒட்டுறவு வெறும் 0.2 ஆக இருந்தால் ஆறு கூற்றுகளுக்கு ஆல்பா 0.60, அதே தரத்தில் இன்னும் ஆறு சேர்த்தால் 0.75. கூற்றுகள் சிறந்ததால் வந்த ஏற்றம் அல்ல இது, பட்டியல் நீண்டதால் வந்தது.

ஆகவே ஒரே பொருள் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டுதான் ஆல்பாவைப் படிக்க முடியும்; அதைச் சோதிக்க, கூற்றுகள் எத்தனை பொதுப்பொருள்களாகப் பிரிகின்றன என்று காட்டும் காரணிப் பகுப்பாய்வு வேண்டும். உங்கள் அசைன்மென்ட்டில் அது கேட்கப்படவில்லை என்றால், மேலே உள்ள கட்டளை தரும் ஒட்டுறவு அணியையாவது கண்ணால் பாருங்கள். எல்லா ஜோடிகளும் ஏறத்தாழ 0.3-க்கும் 0.5-க்கும் இடையில் சமமாகப் பரவியிருந்தால் கவலையில்லை. மூன்று மூன்றாகக் கட்டி நின்று இடையில் சுழியங்கள் கிடந்தால் அங்கே இரண்டு அளவுகோல்கள் ஒளிந்திருக்கின்றன. மறுபக்கம், 0.95-ஐத் தாண்டிய ஆல்பாவையும் நான் கொண்டாட மாட்டேன். ஆறே கூற்றுகளில் அவ்வளவு வந்தால் ஒரே கேள்வியைச் சொல் மாற்றி ஆறு முறை கேட்டிருக்கிறீர்கள் என்று சந்தேகிப்பேன்.

அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ள இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எல்லாக் கூற்றுகளும் பொதுப்பொருளோடு ஒரே வலுவில் பிணைந்திருந்து, பிழைகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் இருந்தால் மட்டுமே ஆல்பா நம்பகத்தன்மைக்குச் சமம். பிணைப்பு வலு கூடக் குறைய இருந்தால் அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். பிழைகள் நேர்த்திசையில் தொடர்புற்றிருந்தால் கூடுதலாகவும் காட்டலாம். இதனால், பிணைப்பு வலு வேறுபடுவதையும் கணக்கில் எடுக்கும் மெக்டொனால்டின் ஒமேகா என்ற கெழுவைத்தான் தர வேண்டும் என்று ஒரு சாரார் வலியுறுத்துகிறார்கள். உங்கள் நிலையில் இரண்டும் பெரிதாக வேறுபடாது என்றே நினைக்கிறேன், ஆனால் தரவைப் பார்க்காமல் அதை உறுதியாகச் சொல்ல முடியாது. மாதிரிப் பிழை மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாதது. 120 பேரில் ஆறு கூற்றுகளுக்கு 0.80 வந்தால் அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி தோராயமாக 0.74 முதல் 0.85 வரை விரியும். 0.77-க்கும் 0.80-க்கும் இடையிலான வித்தியாசத்தை வைத்து ஒரு கூற்றின் தலையெழுத்தை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இந்த அகலமே சாட்சி.

அசைன்மென்ட்டில் இப்படி எழுதலாம், எண்களை மட்டும் உங்கள் வெளியீட்டிலிருந்து நிரப்பிக்கொள்ளுங்கள்: “பணி அழுத்த அளவுகோலின் ஆறு கூற்றுகளில் நான்காவது எதிர்த்திசையில் அமைந்ததால் அதன் மதிப்பெண்கள் 6-இலிருந்து கழித்துத் திருப்பப்பட்டன. திருப்பிய பின் இந்த மாதிரியில் ஆறு கூற்றுகளின் க்ரான்பாக் ஆல்பா இவ்வளவு. ஒவ்வொரு கூற்றுக்கும் மற்றவற்றின் கூட்டுத்தொகைக்கும் உள்ள ஒட்டுறவு இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை இருந்தது. கூற்று எதுவும் நீக்கப்படவில்லை.” திருப்புவதற்கு முன் வந்த 0.48-ஐ மறைக்க வேண்டாம், ஒரு வரியில் குறிப்பிடுங்கள். சராசரிகளும் சார்பு ஆய்வும் கணக்கிடும்போது மொத்த மதிப்பெண்ணில் q4 அல்ல, q4r சேர வேண்டும். ஆல்பாவை மட்டும் திருத்திவிட்டு, பழைய மொத்தத்தை வைத்தே கருதுகோள்களைச் சோதித்த அசைன்மென்ட்டுகள் நிறைய உண்டு.